நெடுந்தூர ரயில் பெட்டிகளின் கழிவு: இரவு உணவுக்குப் பிறகு அது எங்கே போகிறது?

நெடுவழிப் பயணி எழுதியது:

சென்ற மாதம் குடும்பத்துடன் சென்னையிலிருந்து வடக்கே இரண்டு இரவும் ஒரு பகலும் ரயிலில் பயணம் செய்தோம். எங்களுடையது 80 படுக்கைகள் கொண்ட ஸ்லீப்பர் பெட்டி. பகலில் பெட்டி சுத்தமாகவே இருந்தது. ஓடும் வண்டியில் துப்புரவு செய்யும் சேவையான ஓ.பி.எச்.எஸ். பெயரை முதுகில் அச்சிட்ட சட்டை அணிந்த இளைஞர் காலையில் ஒருமுறையும் மதியம் இரண்டு முறையும் வந்து கூட்டித் துடைத்தார். பிற்பகலில் அவருடைய மேற்பார்வையாளர் வந்து கருத்துப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார். நானும் மனநிறைவோடு நல்ல மதிப்பெண் போட்டுக் கொடுத்தேன்.

இரவு ஒன்பதரை மணிக்குக் கை கழுவப் போனபோது நிலைமை தலைகீழாக இருந்தது. கை கழுவும் தொட்டிக்கு அடியில் இருக்கும் எஃகுக் குப்பைத் தொட்டி நிரம்பி, அதன் மேல் அலுமினியத் தாள் டப்பாக்களும் மீதச் சோறும் குவிந்திருந்தன. தரையில் கிடந்த தண்ணீர் பாட்டில்களை எண்ணினேன், 17 இருந்தன. ஏதோ ஒரு டப்பாவிலிருந்து வழிந்த பருப்புக் குழம்பு கழிவறை வாசல் வரை ஓடியிருந்தது. என் தாயார் அதில் கால் வைத்து, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டதால் விழாமல் தப்பினார். காலை ஐந்தரை மணிக்கு நான் எழுந்தபோது அந்தக் குவியல் முழுவதும் காணாமல் போயிருந்தது. இரவில் நாங்கள் விழித்திருந்தவரை யாரும் வந்து எடுத்ததாகத் தெரியவில்லை.

என் கேள்விகள் இரண்டு. இவ்வளவு பேர் பயணம் செய்யும் பெட்டியில் ஏன் பெரிய தொட்டி வைக்கக் கூடாது? இரவில் அந்தக் குப்பையை எடுத்தவர் யார், அது எங்கே இறங்கியது?

மலைக்கோட்டையான் எழுதியது:

பெட்டிக் கழிவு தண்டவாளத்தில் விழுந்த காலம் முடிந்துவிட்டது, ஐயா. டி.ஆர்.டி.ஓ.வின் தொழில்நுட்பத்தில் உருவான உயிரிக் கழிவறைகள் வந்த பிறகு, பெட்டிக்கு அடியிலுள்ள தொட்டியில் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைத்து, நீரும் வாயுவும் மட்டுமே வெளியேறுகின்றன. 2016 ஜூலையில் நாட்டிலேயே முதன்முதலாக நம் மானாமதுரை–ராமேஸ்வரம் வழித்தடத்தைத்தான், 114 கிலோமீட்டர் தூரத்துக்கு, இந்த வகையில் பசுமை வழித்தடமாக அறிவித்தார்கள். ஆகவே உங்கள் தலைப்பில் உள்ள கேள்விக்கு, அது எங்கேயும் போவதில்லை, தொட்டிக்குள்ளேயே சிதைந்துவிடுகிறது என்பதுதான் பதில்.

நெடுவழிப் பயணி எழுதியது:

நான் கழிவு என்று எழுதியது குப்பையை, ஐயா. சொல் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் குழப்பம் வந்துவிட்டது. கழிவறையைப் பற்றி நான் கேட்கவில்லை.

நேர்வழி எழுதியது:

இதற்குக் காரணம் தெளிவாகவே இருக்கிறது. ஓ.பி.எச்.எஸ். பணியாளர்களின் வேலை நேரம் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரைதான். இரவுக்கு ஆளே இல்லாதபோது குப்பை சேரத்தான் செய்யும். இரவுப் பணிக்குப் பெட்டிக்கு ஒருவரை நியமித்து, பச்சையும் நீலமுமாக இரண்டு தொட்டிகளை வைத்தால் பிரச்சினை அன்றே தீர்ந்துவிடும். அதோடு ரயில்வே வளாகங்களில் அசுத்தம் செய்வோருக்கு 500 ரூபாய் வரை அபராதம் விதிக்க 2012ஆம் ஆண்டிலேயே விதி கொண்டுவரப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு வண்டியில் பத்துப் பேரிடம் அபராதம் வசூலித்துக் காட்டட்டும், மறுநாள் முதல் ஒருவரும் குப்பை போட மாட்டார்கள்.

பிட்லைன் பழையவர் எழுதியது:

நான் பெட்டிப் பராமரிப்பு டிப்போவில் 29 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதன் பிறகு ஓர் ஒப்பந்த நிறுவனத்துக்காக இரண்டு ஆண்டுகள் வண்டியிலேயே ஓ.பி.எச்.எஸ். மேற்பார்வையாளராகவும் போய் வந்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயரோ வண்டியின் பெயரோ இங்கே தேவையில்லை.

நேர்வழி சொன்ன வேலை நேரம் சரி. ஆனால் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பயணிகள் பெரும்பாலும் தூங்குகிறார்கள். அந்த நேரத்தில் புதிதாகச் சேரும் குப்பை மிகக் குறைவு. பிரச்சினை அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தில் உருவாகிறது. அந்த நேரத்தில் பணியாளர் வண்டியில்தான் இருக்கிறார். அவர் கையில் நிரம்பிய பையும் இருக்கிறது. அந்தப் பையை வாங்கிக்கொள்ளத்தான் எவரும் இல்லை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குப்பை நாள் முழுவதும் சீராக விழுவதில்லை; மூன்று வேளைச் சாப்பாட்டை ஒட்டி மூன்று அலைகளாக வருகிறது. உங்கள் பெட்டியில் 80 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் பாதிப் பேர் இரவு உணவை வாங்கிச் சாப்பிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருடைய டப்பா, மூடி, தயிர்க் குவளை, தாள், கரண்டி எல்லாம் கசக்காமல் போட்டால் ஒன்றரை லிட்டர் இடத்தை அடைக்கும். நாற்பது பேருக்கு 60 லிட்டர். இது போக, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் என்றால் அது மட்டுமே 80 லிட்டர் காற்று. என் அனுபவத்தில் பெட்டியின் இரண்டு முனைகளிலும் உள்ள தொட்டிகள் சேர்ந்து 40, 50 லிட்டருக்கு மேல் கொள்ளாது. ஆகவே ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டின் பாதியிலேயே தொட்டி நிரம்பிவிடும்.

பெரிய தொட்டி வைத்தால் என்ன என்று கேட்டீர்கள். பெட்டியின் முனையில் கதவு, கை கழுவும் தொட்டி, கழிவறை வாசல் ஆகிய மூன்றும் நெருக்கமாக இருக்கின்றன. அவசர காலத்தில் ஆட்கள் வெளியேறும் வழியும் அதுவே. அங்கே அகலமான எதையும் வைக்க முடியாது. தொட்டி சிறியதாக இருப்பதால் அதை அடிக்கடி காலி செய்துதான் ஆக வேண்டும். காலி செய்யப் பை வேண்டும், பையை வைக்க இடம் வேண்டும். வண்டிக்குள் அந்த இடம் எங்கும் ஒதுக்கப்படவில்லை. வண்டியின் இரு முனைகளிலும் உள்ள லக்கேஜ் பெட்டிக்கோ ஜெனரேட்டர் பெட்டிக்கோ உள்வழியாக நடந்து போக முடியாது. எனவே கட்டிய பைகள் கதவோரத்திலேயே அடுக்கப்படுகின்றன. அடுத்த நிலையத்தில் எவராவது வாங்கிக்கொள்ளும் வரை அவை அங்கேயேதான் இருக்கும்.

இரண்டு நிறத் தொட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பல பெட்டிகளில் அவை வைக்கப்பட்டும் இருக்கின்றன. ஆனால் இரண்டையும் காலி செய்கிறவரிடம் இருப்பது ஒரே பைதான். பாட்டிலும் தாளும் சாம்பாரில் ஊறிய பிறகு பழைய பொருள் வியாபாரி அவற்றைத் தொடக்கூட மாட்டார். முதலில் இரண்டாவது பைக்கு இடம் தேடிவிட்டுப் பிறகு இரண்டாவது தொட்டியைப் பற்றிப் பேசலாம்.

இரு பிள்ளைகளின் தாய் எழுதியது:

பெரியவர் விளக்கியதில் எனக்கும் ஒரு சந்தேகம் தீர்ந்தது. கைக்குழந்தையுடன் 30 மணி நேரப் பயணம் செய்தபோது எனக்கு எட்டு டயப்பர்கள் சேர்ந்தன. தொட்டி நிரம்பி வழிந்ததால் அதன் மேல் வைக்க மனம் வரவில்லை. அடுத்த இருக்கையில் இருந்த ஒரு பெண்மணி கழிவறையிலேயே போட்டுவிடச் சொன்னார். நான் அப்படிச் செய்யாமல் பழைய செய்தித்தாளில் சுற்றி, ஒரு பையில் போட்டு, கீழ்ப் படுக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு, இறங்கும் நிலையத்தில் போட்டேன். நாற்றம் பொறுக்க முடியவில்லை என்று எதிர்ப் படுக்கைக்காரர் சண்டை போட்டார். நான் செய்தது சரியா, தவறா?

பிட்லைன் பழையவர் எழுதியது:

நீங்கள் செய்தது முற்றிலும் சரி, அம்மா. மலைக்கோட்டையான் மேலே சொன்ன உயிரிக் கழிவறைக்கு மிகப் பெரிய எதிரி டயப்பரும் நாப்கினும் பாட்டிலும்தான். டயப்பர் நீரை உறிஞ்சி உப்பிக் குழாயின் வளைவை அடைத்துவிடும். பாட்டில் குறுக்காக மாட்டிக்கொண்டால் அந்தக் கழிவறை பயணம் முடியும் வரை பயன்படாது. டிப்போவில் பிட்லைன் எனப்படும் பள்ளம் வெட்டிய பாதையில் வண்டி நிற்கும்போது அடியில் இறங்கி அதை ஒரு மனிதர்தான் கொக்கியால் இழுத்து எடுக்க வேண்டும். அந்த வேலையில் இருந்தவர்களை நான் பல ஆண்டுகள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு தொட்டிக்குள்ளிருந்து அரைப்பை அளவுக்குப் புகையிலைப் பாக்கெட் உறைகளை எடுத்த நாளும் உண்டு.

தொட்டி நிரம்பியிருந்தால் பணியாளரை அழைத்து ஒரு காலிப் பை கேளுங்கள். பெரும்பாலும் அவரிடம் இருக்கும்.

நடைமேடைக்காரி எழுதியது:

என் அம்மா ஒரு பெரிய முனையத்தில் பதினோரு ஆண்டுகள் நடைமேடைத் துப்புரவில் ஒப்பந்தப் பணியாளராக இருந்தார். பெட்டிக் குப்பை நடைமேடைக்கு வந்த பிறகு என்ன ஆகிறது என்பதை அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

நடைமேடை வேலை மூன்று முறைகளில் நடக்கும்: காலை 6 முதல் 2 வரை, 2 முதல் இரவு 10 வரை, 10 முதல் காலை 6 வரை. வருகைப் பதிவு, துடைப்பம், கையுறை ஆகியவற்றை ஒப்படைத்துப் பெறுவதற்கு முன்னும் பின்னும் கால் மணி நேரம் போய்விடும். ஆக, இரவு ஒன்பதே முக்கால் முதல் பத்தேகால் வரை நடைமேடையில் ஏறக்குறைய எவரும் இருக்க மாட்டார்கள். இரவு உணவின் குப்பையோடு நெடுந்தூர வண்டிகள் வந்து நிற்பதும், நடைமேடையிலேயே பொட்டலம் பிரித்துச் சாப்பிட்ட குடும்பங்கள் வண்டி ஏறுவதும் அதே நேரத்தில்தான்.

அம்மாவுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி ஆறு தூண்களுக்கு இடைப்பட்டது. வண்டியிலிருந்து ஒருவர் பையை இறக்கி வைத்தால், அது யாருடைய குப்பை என்பதில் தினமும் தகராறு வரும். நிலைய ஒப்பந்தத்தில் நடைமேடையின் பரப்பு கணக்கிடப்பட்டிருக்கும். வண்டியிலிருந்து இறங்கும் பைகள் அதில் வராது என்று மேஸ்திரி சொல்வார். ஆனால் பை கிழிந்து நாய் இழுத்துவிட்டால், பரப்பு அசுத்தமாக இருக்கிறது என்று அபராதம் இவர்கள் தலையில் விழும். அதனால் கறுப்புப் பையைக் கண்டால் அம்மா முதலில் அதைத் தூணுக்குப் பின்னால் இழுத்து நிமிர்த்தி வைத்து, வாயை இன்னொரு முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் கூட்டத் தொடங்குவார்.

அம்மா அடிக்கடி சொன்ன இன்னொன்று, தண்டவாளப் பக்கத்துக் கான்கிரீட் தளத்தைப் பற்றியது. கழிவறை நீர் விழுந்த காலத்தில் அதைப் பீய்ச்சிக் கழுவுவதற்காகப் போடப்பட்ட தளம் அது. இன்று அதன் வடிகாலை அடைப்பது தேநீர்க் குவளைகள். காகிதக் குவளைதானே, கரைந்துவிடும் என்று மக்கள் நினைக்கிறார்கள். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அது கரைவதே இல்லை. இத்தகைய பூச்சுக் குவளையைத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருந்தும், வண்டியில் ஏறி வரும் விற்பனையாளர்களிடம் அது தொடர்ந்து கிடைக்கிறது.

நேர்வழி எழுதியது:

அப்படியானால் நான் சொன்ன அபராதமாவது பயன்படும் அல்லவா? ஜன்னல் வழியே எறிகிறவர்களை என்ன செய்வது?

கிலோமீட்டர் கல் எழுதியது:

நான் பாதைப் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் தண்டவாளத்தோரம் நடக்கிறவன். ஜன்னலைப் பற்றிக் கேட்டதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தண்டவாளத்தோரக் குப்பையைப் பார்த்தாலே அது எங்கிருந்து வந்தது என்று எங்களால் சொல்லிவிட முடியும்.

டப்பா, பாட்டில், குவளை என்று தனித்தனியாக, நீண்ட தூரத்துக்குச் சிதறிக் கிடந்தால் பயணிகள் எறிந்தது. அதுவும் சாப்பாட்டு நேரத்தில் வண்டி எந்தப் பகுதியைக் கடக்கிறதோ அங்கேதான் அடர்ந்து கிடக்கும். வாய் கட்டிய கறுப்புப் பைகள், ஒரே இடத்தில், நிலையத்துக்கு வெளியே சிக்னலுக்கு முன் வண்டி மெதுவாகப் போகும் வளைவில் கிடந்தால் அது வண்டிக்குள் இருந்த பணியாளர்கள் தள்ளிவிட்டது. என் பகுதியில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. திங்கள் காலை நான் அங்கே எண்ணியவை 14 பைகள். மாடுகள் அந்தப் பைகளைத் தேடித்தான் தண்டவாளத்துக்கு வருகின்றன. சென்ற மழைக்காலத்தில் அங்கே ஒரு பசு அடிபட்டதால் வண்டி நின்றது.

ஆகவே 14 பைக் குப்பையைப் பயணிகள் ஒழுங்காகத் தொட்டியில்தான் போட்டிருக்கிறார்கள். அவர்களிடம் அபராதம் வாங்கி அந்தப் பைகளைத் தடுக்க முடியாது. பெட்டியில் சுத்தமாகக் கட்டப்பட்ட பிறகுதான் அவை வெளியே வந்திருக்கின்றன.

நெடுவழிப் பயணி எழுதியது:

படித்ததும் மனம் கனத்துவிட்டது. என் பெட்டியில் விடியற்காலையில் காணாமல் போன குவியலும் அப்படித்தான் போயிருக்க வேண்டும். பிட்லைன் பெரியவரே, நீங்கள் மேற்பார்வையாளராக இருந்த வண்டியிலும் இது நடந்ததா? அதைத் தடுக்க முடிந்ததா?

பிட்லைன் பழையவர் எழுதியது:

நடந்தது. நான் சேர்ந்த முதல் மாதம் என் குழுவினரே அதைச் செய்தார்கள். இது தெரிந்தால் ஒப்பந்தக்காரருக்கு அபராதம், ஆளுக்கு வேலை போகும். இரண்டும் அந்தப் பையன்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் செய்தார்கள் என்பதற்கு வண்டியின் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

எங்கள் வண்டியும் இரண்டு இரவு, ஒரு பகல். மொத்தம் 21 பெட்டிகள். மேற்பார்வையாளராக நான், என்னுடன் ஆறு பேர். ஒருவருக்கு மூன்று பெட்டிக்குக் குறையாது. வழியில் வண்டி நிற்கும்போது குழுவாக ஏறிக் கழிவறை கழுவிக் குப்பை இறக்கும் சி.டி.எஸ். நிலையங்கள் எங்களுக்கு இரண்டு ஒதுக்கப்பட்டிருந்தன. முதலாவதில் மதியம் இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் நிற்கும். மதிய உணவு முடியும் நேரம் என்பதால் அங்கே எல்லாம் நன்றாக நடந்தது. இரண்டாவதில் இரவு 7.50க்கு ஐந்து நிமிடம். இரவு உணவைப் பேன்ட்ரி காரிலிருந்து கொடுக்கத் தொடங்குவதே ஏழரை மணிக்குத்தான். ஆகவே 7.50க்கு நாங்கள் இறக்கியவை தேநீர், சமோசாத் தாள்கள் நிறைந்த அரைப் பைகள். முழுப் பைகள் ஒன்பது மணிக்குப் பிறகு வந்தன. அதற்கு அடுத்து ஒப்படைக்கக்கூடிய இடம் மறுநாள் காலை வண்டி சேரும் முனையம். அங்கும் ஒரு சிக்கல் உண்டு. பைகளை நடைமேடையில் இறக்கினால் நிலைய ஒப்பந்தக்காரர் மறுப்பார். பெட்டியிலேயே விட்டால் டிப்போவில் கழுவும் ஒப்பந்தக்காரர், இது ஓடும் வண்டிக் குப்பை, எங்கள் கணக்கு அல்ல என்பார். நடைமேடைக்காரி சொன்ன தகராறு வண்டியின் இந்தப் பக்கமும் இருந்தது. இரவு முழுவதும் கதவோரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட பைகள் நாறினால், கதவருகே படுக்கை உள்ள பயணி பையனைத்தான் திட்டுவார். விடியற்காலை நான்கு மணிக்குக் கதவைத் திறந்து தள்ளிவிட்டால் எல்லாத் தகராறும் ஒரே நொடியில் தீர்ந்துவிடுவதாக அவர்கள் நினைத்தார்கள்.

முதலில் நான் பேன்ட்ரி மேலாளரிடம் இரவு உணவை ஏழு மணிக்கே தொடங்கச் சொல்லிப் பார்த்தேன். அது பலிக்கவில்லை. வாங்கி வைத்துக்கொண்டு எட்டரைக்குச் சாப்பிடுகிறவர்களை நாம் ஒன்றும் செய்ய முடியாது.

பிறகு நேர அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்ததில், 9.25க்கு ஐந்து நிமிடம் நிற்கும் ஒரு நிலையம் இருந்தது. அது சி.டி.எஸ். நிலையம் அல்ல. அங்கிருந்த சுகாதார ஆய்வாளரை நேரில் பார்த்துப் பேசினேன். அவர் முதலில் மறுத்தார். அவருடைய காரணமும் நியாயமானதே. 21 பெட்டி வண்டி அரைக் கிலோமீட்டர் நீளம். ஒவ்வொரு கதவிலும் ஒரு பை இறக்கினால் இரண்டே ஆட்களை வைத்துக்கொண்டு அவர் அரைக் கிலோமீட்டர் நடந்து பொறுக்க வேண்டும். எனவே நாங்கள் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். ஒன்பது மணிக்கு எல்லாத் தொட்டியையும் காலி செய்து வாய் கட்டுவது, 9.20க்குள் உள்வழியாகப் பைகளை இரண்டே இரண்டு கதவுகளுக்குச் சுமந்து வந்துவிடுவது. அந்த இரண்டு கதவுகள் நிற்கும் இடத்தில் நிலையத்தார் ஆளுக்கொரு டிராலியுடன் நிற்பது. பேன்ட்ரி ஆட்கள் காலி டப்பாக்களைத் தாங்களே அடுக்கி, தனிப் பையில் கட்டிக் கொண்டுவர ஒப்புக்கொண்டார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாலே டப்பாக்களின் இடம் மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. முதல் நாள் 34 பைகளை மூன்று நிமிடத்துக்குள் இறக்கினோம். அன்று கதவோரம் காலியாக இருந்ததைப் பார்த்து என் குழுவில் மூத்தவர் தரையைத் தானாகவே இன்னொரு முறை துடைத்தார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முன்பதிவில்லாப் பெட்டிகளுக்கு உள்வழியாகப் போக முடியவில்லை. அவற்றின் குப்பையை எங்களால் கடைசி வரை ஒழுங்குபடுத்த முடியவில்லை. வண்டி அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் அந்த நிலையத்தில் முறை மாற்ற நேரம் வந்துவிடும், டிராலி இருக்காது. மழைக்காலத்தில் வாரத்தில் இரண்டு நாள் அப்படி ஆனது. அந்த நாட்களில் பைகள் எங்களுடனேயே முனையம் வரை வந்தன. தள்ளக் கூடாது என்று நான் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்த இரவுகள் உண்டு. ஒப்பந்தம் முடிந்து வேறு நிறுவனம் வந்த பிறகு, இந்த ஏற்பாடு எந்தத் தாளிலும் எழுதப்படாததால் அதோடு நின்றுபோனது. கிலோமீட்டர் கல் எண்ணிய 14 பைகள் எந்த வண்டியுடையவை என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவற்றைக் கட்டியவர்களுக்கும் இப்படி ஒரு 9.25 நிலையம் வாய்த்திருக்காது என்றே நினைக்கிறேன்.

நேர்வழி எழுதியது:

என் முதல் பதிவில் ஆள் போட்டால் தீரும் என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இவ்வளவு நாறும் விஷயம் மேலிடத்துக்கு ஏன் தெரியவில்லை? கருத்துப் படிவம் வாங்குகிறார்களே?

பிட்லைன் பழையவர் எழுதியது:

நெடுவழிப் பயணி முதல் பதிவிலேயே அதற்கு விடை எழுதியிருக்கிறார். அவரிடம் கையெழுத்து வாங்கியது பிற்பகலில். மதிய நிலையத்தில் கழுவி முடித்து, இரவு உணவு வருவதற்கு முன், பெட்டி மிகச் சுத்தமாக இருக்கும் நேரம் அதுதான். நானும் நான்கு மணிக்குத்தான் வாங்கினேன். இப்போது அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஒப்பந்தக்காரருக்குக் கிடைக்கும் பணத்தில் அந்த மதிப்பெண்ணுக்குப் பங்கு உண்டு. இரவு ஒன்பதரை மணியின் நிலை அந்த மதிப்பெண்ணில் எங்கும் பதிவாவதில்லை.

அது பதிவாகக்கூடிய இடம் 139 எண்ணும் ரயில்மதத் செயலியும்தான். புகார் வந்த நேரமும் பெட்டி எண்ணும் அதில் நிற்கும். மேற்பார்வையாளரின் கைபேசிக்கு உடனே அழைப்பு வரும். அவர் அதைத் தீர்த்ததாகப் பதில் சொல்லியாக வேண்டும். "பெட்டி அசுத்தமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் ஒருவரை அனுப்பித் துடைத்துவிட்டுப் புகாரை முடித்துவிடுவார்கள். "இரவு உணவுக் குப்பை நிரம்பிய பைகள் இத்தனை, கதவோரத்தில் இருக்கின்றன, எந்த நிலையத்தில் இறக்குவீர்கள்" என்று எழுதினால் அதற்கு ஒரு நிலையத்தின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும்.

நடைமேடைக்காரி எழுதியது:

இதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது, ஐயா. இரவில் புகார் போனால் அந்தப் பணியாளருக்குத்தான் சம்பளம் பிடிப்பார்கள். பை இறக்க நிலையம் ஒதுக்காதவர் மீது ஒன்றும் வராது. என் அம்மாவுக்கு அப்படி நடந்திருக்கிறது. பயணிகள் புகாரில் பணியாளரின் பெயரைக் குறிப்பிடாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிட்லைன் பழையவர் எழுதியது:

நீங்கள் சொல்வதை மறுக்க என்னால் முடியாது. பெயர் எழுதாவிட்டாலும் பெட்டி எண்ணை வைத்து யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஒப்பந்தப் பத்திரத்திலேயே இரவு உணவுக்குப் பிந்தைய ஒரு நிலையத்தையும், அங்கே பை வாங்க வேண்டியவர் யார் என்பதையும் எழுதாதவரை இதற்கு நான் நல்ல வழி அறியேன்.

மலைக்கோட்டையான் எழுதியது:

முதலில் தவறாகப் புரிந்துகொண்டதற்கு மன்னிக்கவும். பயணிகளாகிய நாங்கள் அந்த ஒன்பது மணி வேலையை எளிதாக்க ஏதாவது செய்ய முடியுமா? வீட்டிலிருந்து வாழை இலையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். அதில் பிளாஸ்டிக்கே இல்லை என்பதால் அதை ஜன்னல் வழியே போட்டால் தவறில்லை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கிலோமீட்டர் கல் எழுதியது:

இலையை மாடு தேடி வரும், ஐயா. அது மட்கும் என்பது உண்மைதான், ஆனால் மட்குவதற்கு முன் மாடு வந்துவிடுகிறது. வண்டி வேகத்தில் எறியும் சோற்றுப் பொட்டலம் பாதையோரம் நடக்கும் எங்கள் முகத்திலும் பட்டிருக்கிறது.

பிட்லைன் பழையவர் எழுதியது:

இலையை மடித்துத் தொட்டியில் போடுங்கள். அது அடைக்கும் இடம் மிகக் குறைவு. உங்களால் செய்யக்கூடியவற்றில் எனக்கு அதிகம் உதவியது பாட்டில்தான். மீதத் தண்ணீரைக் கை கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டு, பாட்டிலை முறுக்கி நசுக்கி, காற்று மீண்டும் புகாமல் மூடியைத் திருகிப் போட்டால் நான்கு பாட்டில்கள் ஒரு பாட்டிலின் இடத்தில் அடங்கிவிடும். எண்பது பேரும் அப்படிச் செய்த பெட்டியை நான் பார்த்ததில்லை. ஒருமுறை ஒரு கல்லூரி மாணவர் குழு ஒரு பெட்டி முழுவதும் பயணம் செய்தபோது, அவர்களுடைய ஆசிரியை சொன்னபடி எல்லாரும் செய்தார்கள். அன்றிரவு அந்தப் பெட்டியிலிருந்து வந்தது ஒரே ஒரு பை. பக்கத்துப் பெட்டியிலிருந்து மூன்று பைகள் வந்தன.

மீதச் சோற்றைக் குழம்போடு அப்படியே தொட்டியில் கொட்டாமல், டப்பாவிலேயே வைத்து மூடியை அழுத்தி மூடிப் போடுங்கள். பையைத் தூக்கும்போது அடியில் ஒழுகாது. நெடுவழிப் பயணியின் தாயார் கால் வைத்த குழம்பு பெரும்பாலும் அப்படிக் கொட்டப்பட்டு ஒழுகியதாகத்தான் இருக்கும்.

நெடுவழிப் பயணி எழுதியது:

அடுத்த மாதம் 12ஆம் தேதி அதே வண்டியில் திரும்பவும் போகிறோம். நேர அட்டவணையைப் பார்த்தேன். இரவு 9.10க்கு மூன்று நிமிடமும், 10.35க்கு பத்து நிமிடமும் நிற்கும் இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. இரண்டாவது நிலையம் பெரியது, ஆனால் அந்த நேரத்தில் வண்டிப் பணியாளரின் வேலை முடிந்திருக்கும். மேற்பார்வையாளரிடம் கருத்துப் படிவத்தில் இரவு ஒன்பதரைக்குத்தான் கையெழுத்திடுவேன் என்று சொல்லப்போகிறேன். பைகள் எங்கே இறங்குகின்றன என்று விழித்திருந்து பார்த்து இங்கே எழுதுகிறேன்.

பிட்லைன் பழையவர் எழுதியது:

மூன்று நிமிடத்தில் இறக்க வேண்டுமானால் பைகள் முன்பே கதவுக்கு வந்திருக்க வேண்டும், 8.50க்கே சுமக்கத் தொடங்குகிறார்களா என்று பாருங்கள். 10.35 நிலையத்தில் வெளியிலிருந்து ஆட்கள் ஏறிப் பையை எடுக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். எடுத்தால், அவர்கள் சட்டையில் எழுதியிருப்பது நிலைய ஒப்பந்தக்காரர் பெயரா, சி.டி.எஸ். என்றா என்று பார்த்துச் சொல்லுங்கள்.